களிமண்ணை வேகமாக முறித்தால் உராய்வுக் கோணம் ஏன் பூச்சியம்? மாணவர்கள் கேட்டவையும் பதில்களும்

"சேர், ஒரே களிமண்ணை மூன்று செல் அமுக்கத்தில உடைச்சன். மூன்று வட்டமும் ஒரே அளவு, φ பூச்சியமா வருகுது. டெஸ்டைப் பிழையாச் செய்திட்டனா?"

இல்லை, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நீர் நிரம்பிய களிமண்ணை ரப்பர் உறைக்குள் இட்டு, செல்லில் உள்ள நீரால் சுற்றிவர அமுக்கி, வடிகாலை மூடிவைத்து முறித்தால், முறிவில் இருந்த தகைப்புகளைக் காட்டும் மோர் வட்டங்கள் ஒரே அளவில்தான் வரவேண்டும். அவற்றைத் தொடும் கோடு கிடையாகப் போகும். கோட்டின் சாய்வு பூச்சியம் என்பதால் φ_u = 0 என்று எழுதுகிறோம்; கீழ்க்குறி u, வடியவிடாமல் முறித்ததைக் குறிக்கும்.

யாழ்ப்பாணத்தில் மண் பொறியியல் ஆய்வுகூடத்தில் மாணவர்களோடு நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தொகுதி மாணவர்களும் இதே இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். அறிக்கையில் "φ = 0" என்று எழுதிவிடுவார்கள்; அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் "களிமண்ணில் உராய்வு இல்லை" என்பார்கள். அது பிழை. அந்தப் பூச்சியம் நாம் செய்த பரிசோதனையைப் பற்றிச் சொல்கிறது, களிமண் துணிக்கைகளைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

"அமத்தினா மண் வலுக்கும் எண்டுதானே படிச்சனாங்கள். செல் அமுக்கத்தை 100இல இருந்து 300க்குக் கூட்டினன். அது எங்க போச்சு?"

தண்ணீருக்குப் போனது. தென்னந்தும்புக் கட்டு ஒன்றை எடுத்துக் கிணற்றில் போடுங்கள். நன்றாக நனைந்து, உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியேறி, அது அடியில் போய்க் கிடக்கிறது. மேலே 10 மீற்றர் தண்ணீர் நிற்கிறதென்றால் அதன்மேல் கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல் அமுக்கம் இருக்கிறது. ஆனால் தும்பு நசுங்கவில்லை. ஒரு தும்பு மற்றத் தும்பை முன்பைவிட இறுக்கமாகப் பிடிக்கவும் இல்லை. ஏனென்றால் தண்ணீர் வெளியிலிருந்து தள்ளுகிற அதே அளவுக்குத் தும்புகளுக்கு இடையில் இருக்கும் தண்ணீரும் உள்ளிருந்து தள்ளுகிறது. அதே கட்டைக் கரையில் வைத்து அதன்மேல் கல்லை ஏற்றினால் தண்ணீர் வடிந்தோடும், தும்புகள் நெருங்கும், அப்போது ஒன்றை உருவி எடுப்பது கடினமாகும்.

களிமண்ணும் அப்படித்தான். துணிக்கைகளுக்கு இடையிலான உராய்வு, துணிக்கைகள் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றன என்பதைத்தான் பார்க்கும். அந்த அழுத்தத்தைத்தான் பயன்படு தகைப்பு என்கிறோம். மொத்தத் தகைப்பிலிருந்து துளைநீர் அமுக்கத்தைக் கழித்தால் அது கிடைக்கும்: σ' = σ − u. மண் பொறியியலின் முன்னோடி டெர்சாகி 1936இல் இதைத் தெளிவாகச் சொன்னார்: மண்ணின் கனவளவு மாற்றமும் வெட்டு வலிமையும் σ' மாறினால்தான் மாறும். வடிகாலை மூடிவைத்துச் செல் அமுக்கத்தை 200 கூட்டினால் σ உம் 200 கூடுகிறது, u உம் 200 கூடுகிறது. வித்தியாசம் அப்படியே நிற்கிறது. துணிக்கைகளுக்கு வெளியே நடந்தது எதுவும் தெரியாது.

"தண்ணியும் கொஞ்சம் அமுங்கும்தானே? முழுக்கத் தண்ணிதான் தாங்கும் எண்டு எப்பிடி அவ்வளவு உறுதியாச் சொல்றது?"

இரண்டில் எது விறைப்பானது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். 100 கிலோபாஸ்கல் கூடினால் தண்ணீரின் கனவளவு ஏறத்தாழ 22,000இல் ஒரு பங்கு குறையும். அதே 100 கிலோபாஸ்கலை மென்களிமண்ணின் துணிக்கைக் கட்டமைப்பின் மேல் ஏற்றி, தண்ணீரை வடியவிட்டால் கனவளவு 5 முதல் 10 சதவீதம் குறையும். தண்ணீரோடு ஒப்பிட்டால் களிமண் கட்டமைப்பு ஆயிரக்கணக்கான மடங்கு இளகியது. இரண்டும் ஒரே ரப்பர் உறைக்குள் அடைபட்டிருக்கின்றன, ஒரே அளவுதான் சுருங்க முடியும். தண்ணீர் சுருங்கக்கூடிய அந்த மிகச் சிறிய அளவுக்குக் கட்டமைப்பு கிட்டத்தட்ட எதையும் சுமக்காது.

இந்தப் பங்கீட்டை மண் பொறியியலாளர் ஸ்கெம்ப்டன் 1954இல் B என்ற குணகத்தால் குறித்தார். செல் அமுக்கத்தின் கூட்டலில் எத்தனை பங்கு துளைநீருக்குப் போகிறது என்பதுதான் B. நீர் நிரம்பிய மென்களிமண்ணுக்கு அது 1இலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்குக் கிட்ட நிற்கும். φ_u = 0 என்பதும் B = 1 என்பதும் ஒரே செய்திதான். இதை மனதில் வையுங்கள், கீழே 5 பாகை வந்தவரின் கேள்விக்கு இது தேவைப்படும்.

"செல் அமுக்கத்தைத் தண்ணி தாங்குது, சரி. அப்ப மேலயிருந்து தண்டால ஏத்துற சுமையையும் தண்ணியே தாங்கலாமே? மாதிரி ஏன் உடையுது?"

இதைக் கேட்ட பிள்ளையை நான் மறக்கமாட்டேன், அவ்வளவு நல்ல கேள்வி. தண்ணீர் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகத்தான் தள்ளும். மேலிருந்து ஒரு அளவு, பக்கத்திலிருந்து வேறு அளவு என்று அதால் தள்ள முடியாது. அதாவது வெட்டுத் தகைப்பை ஓய்வில் இருக்கும் நீரால் ஒரு துளிகூடத் தாங்க முடியாது.

செல் அமுக்கம் எல்லாப் பக்கமும் சமம் என்பதால் அதை நீர் முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறது. தண்டின் சுமை மேலிருந்து மட்டும் வருகிறது. மேலிருந்து வரும் தகைப்பு σ1, பக்கத்திலிருந்து வரும் தகைப்பு σ3 என்றால், அது உண்டாக்கும் σ1 − σ3 என்ற வித்தியாசத்தைத் துணிக்கைகள்தான் சுமந்தாக வேண்டும். மோர் வட்டத்தில் இது அழகாகத் தெரியும். u என்பது வட்டத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தும், வட்டத்தின் விட்டத்தைத் தொடாது. விட்டம் முழுக்கத் துணிக்கைகளின் பொறுப்பு.

"எண் வைச்சு ஒருக்காக் காட்டுங்கோ சேர், அப்பத்தான் விளங்கும்."

நாவற்குழிப் பக்கம் களப்புக் கரையில் கிடைப்பது போன்ற சாம்பல் நிற மென்களிமண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் தெரிவுசெய்தவை, ஆனால் இப்படிப்பட்ட களிமண்ணில் எதிர்பார்க்கக்கூடிய அளவில் உள்ளவை. ஒரே மாதிரியான மூன்று மாதிரிகளையும் முதலில் 100 கிலோபாஸ்கலில் வடியவிட்டு இறுக வைக்கிறோம். தண்ணீர் வெளியேறி முடிந்ததும் u பூச்சியம், பயன்படு தகைப்பு 100. இப்போது வடிகால் வால்வை மூடுகிறோம். இதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே வராது, வெளியே போகாது.

முதலாவதன் செல் அமுக்கத்தை 100இலேயே விடுகிறோம், இரண்டாவதை 200க்கும் மூன்றாவதை 300க்கும் உயர்த்துகிறோம். பிறகு மூன்றையும் முறிக்கிறோம். கீழே எல்லாம் கிலோபாஸ்கலில்:

| | மாதிரி 1 | மாதிரி 2 | மாதிரி 3 |
|---|---|---|---|
| செல் அமுக்கம் σ3 | 100 | 200 | 300 |
| முறிக்கத் தொடங்கும்போது u | 0 | 100 | 200 |
| முறிவில் σ1 − σ3 | 60 | 60 | 60 |
| முறிவில் u | 62 | 162 | 262 |
| முறிவில் σ3' | 38 | 38 | 38 |
| முறிவில் σ1' | 98 | 98 | 98 |

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். மொத்தத் தகைப்பில் மூன்று வட்டங்கள், பயன்படு தகைப்பில் ஒரே ஒரு வட்டம். மண்ணைப் பொறுத்தவரை நாம் செய்தது ஒரே பரிசோதனையை மூன்று தடவை. வட்டத்தின் ஆரை 30, ஆகவே வடியவிடாத வெட்டு வலிமை c_u = 30, φ_u = 0.

முறிக்கும்போது u இன்னும் 62 கூடியதையும் பாருங்கள். மென்மையான களிமண் வெட்டுப்படும்போது சுருங்கப் பார்க்கும். தண்ணீர் வெளியேற முடியாததால் சுருங்க முடியாது. சுருங்க வேண்டிய அவசரம் துளைநீர் அமுக்கமாக மாறும். மூன்றிலும் அது 62தான். முறிக்கத் தொடங்கும்போது துணிக்கைகள் இருந்த நிலை மூன்றிலும் ஒன்று என்பதே காரணம்.

"அப்ப இந்த மண்ணின்ர உண்மையான உராய்வுக் கோணம் என்ன?"

பயன்படு தகைப்பு வட்டத்திலிருந்து கணக்கிடலாம். பிணைவு இல்லை என்று எடுத்தால்:

```
sin φ' = (σ1' − σ3') / (σ1' + σ3')
       = (98 − 38) / (98 + 38) = 60 / 136 = 0.441
φ'     ≈ 26°
```

ஆகவே உராய்வு அங்கேயே இருக்கிறது, 26 பாகை. அந்த ஒரே வட்டத்துக்கு 26 பாகையில் ஒரு தொடுகோடும் வரையலாம். ஆனால் u ஐ அளக்காவிட்டால் அந்த வட்டம் நம் கண்ணுக்குத் தெரியாது. நாம் ஆய்வுகூடங்களில் வழக்கமாகச் செய்யும், இறுகவும் விடாமல் வடியவும் விடாமல் முறிக்கும் யூயூ டெஸ்டில் u ஐ அளப்பதில்லை. கையில் இருப்பவை மொத்தத் தகைப்பு வட்டங்கள் மட்டும். அவற்றைத் தொடும் கோடு கிடையாகத்தான் இருக்கும்.

"c_u எண்டது பிணைவுதானே? இந்தக் களிமண்ணின்ர ஒட்டுந்தன்மை 30 எண்டு எழுதலாமா?"

வேண்டாம். களிமண் கையில் ஒட்டுவதால் இந்தக் குழப்பம் எளிதில் வந்துவிடும். மேலே கணக்கிட்டதில் பிணைவு இல்லை என்று எடுத்தும் c_u 30 வந்தது. அந்த 30 முழுக்க உராய்விலிருந்து வந்தது. பசை எதுவும் இல்லை.

c_u என்பது, வால்வை மூடிய நேரத்தில் மண் இருந்த நிலையில், அதன் கனவளவை மாற்ற விடாமல் முறித்தால் கிடைக்கும் வலிமை. அதைத் தீர்மானிப்பது அப்போது இருந்த ஈரப்பதன். இதே களிமண்ணை 200இல் இறுக வைத்துவிட்டு மூடியிருந்தால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் வெளியேறியிருக்கும், c_u 60 அளவில் வந்திருக்கும். அதையும் மூன்று செல் அமுக்கத்தில் முறித்தால் மறுபடியும் φ_u = 0தான், கோடு மட்டும் உயரத்தில் இருக்கும். ஒரே நிலத்தில் ஆழம் போகப் போக c_u கூடுவதும் இதனால்தான். அறிக்கையில் "வடியவிடாத வெட்டு வலிமை" என்று எழுதி, எந்த ஆழம், எந்த ஈரப்பதன் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அவை இல்லாத c_u எண்ணை நான் நம்பமாட்டேன்.

"சீயூ டெஸ்டிலயும் வடிகாலை மூடித்தான் உடைச்சம். அதில மொத்தத் தகைப்பில 13 பாகை வந்தது. ஏன் அதில பூச்சியம் இல்ல?"

மூடியது எப்போது என்பதுதான் வேறுபாடு. சீயூ டெஸ்டில் மூன்று மாதிரிகளையும் வெவ்வேறு அமுக்கத்தில், 100, 200, 300 என்று, வடியவிட்டு இறுக வைத்த பிறகே வால்வை மூடுகிறோம். மேலே சொன்னபடி ஒவ்வொன்றிலும் ஈரப்பதன் வேறு, ஆகவே c_u வேறு: 30, 60, 90. வட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போகும், தொடுகோடு சாயும். முதலாவது வட்டத்திலிருந்தே பார்த்தால் sin φ = 60/260, அதாவது ஏறக்குறைய 13 பாகை.

இந்த 13 பாகையை எந்தத் துணிக்கையும் அறியாது. இறுக வைத்த அமுக்கத்தோடு c_u எப்படிக் கூடுகிறது என்பதை அது சுற்றுவழியில் சொல்கிறது, அவ்வளவுதான். சரிவுக் கணக்கில் அதை உராய்வுக் கோணமாகப் போட்டு, சாதாரண முறையில் கணக்கிடுவதை நான் என் மாணவர்களுக்கு அனுமதிப்பதில்லை. சீயூ செய்கிற சிரமம் எடுத்தால் u ஐயும் அளந்து 26 பாகையை எடுங்கள்.

"'வேகமா' எண்டா எவ்வளவு வேகம்? பத்து நிமிசமா, ஒரு நாளா?"

தண்ணீர் வெளியேற எடுக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால்தான் வேகம் என்ற சொல்லுக்குப் பொருள் வரும். களிமண்ணின் இறுகும் குணகம் c_v வருடத்துக்கு 1 சதுர மீற்றர் என்று எடுப்போம், மென்களிமண்ணுக்கு நம்பத்தக்க எண். 76 மில்லிமீற்றர் உயர மாதிரியில் மேலும் கீழும் வடியவிட்டால் தண்ணீர் ஓட வேண்டிய மிக நீண்ட வழி d 38 மில்லிமீற்றர். இறுகல் 90 சதவீதம் முடிய எடுக்கும் நேரம் t90:

```
t90 = 0.85 × d² / c_v
ஆய்வுகூடம்: 0.85 × 0.038² / 1 = 0.00123 வருடம் ≈ 11 மணி
நிலம்:      0.85 × 1.5² / 1   ≈ 1.9 வருடம்
```

பத்துப் பதினைந்து நிமிடத்தில் முறிக்கும் மாதிரி, வால்வு மூடியும் இருப்பதால், சந்தேகமில்லாமல் வடியாதது. இரண்டாவது வரி 3 மீற்றர் தடிப்பான களிமண் படைக்கு. நம் குடாநாட்டில் களப்போரக் களிமண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால் மேலும் கீழும் வடியும் என்று கொண்டு 1.5 மீற்றர் போட்டிருக்கிறேன். அதன்மேல் ஒரு மாதத்தில் வீதி மேடு எழுப்பினால், யாரும் எந்த வால்வையும் மூடாமலே, மண் வடியாத நிலையில் சுமையைத் தாங்குகிறது. நிலத்தில் "வேகம்" என்பது மாதக் கணக்கில்கூட இருக்கலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. வடியாத நிலைக்குள்ளேயும் வேகத்தைக் கூட்டினால் c_u கொஞ்சம் கூடும். பத்து மடங்கு வேகத்துக்குச் சுமார் 10 சதவீதம் என்பது பொதுவாகப் பார்க்கப்படுவது. ஆகவே மூன்று மாதிரிகளையும் ஒரே வேகத்தில் முறியுங்கள்.

"எனக்கு 5 பாகை வந்திட்டுது. பூச்சியம் எண்டு திருத்தி எழுதட்டா?"

திருத்தாதீர்கள். அந்த 5 பாகை எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள், பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். முதல் சந்தேகம் காற்று. துளைகளில் காற்று இருந்தால் B ஒன்றைவிடக் குறையும், செல் அமுக்கத்தின் ஒரு பகுதி துணிக்கைகளுக்குப் போகும், வட்டங்கள் பெரிதாகும். அமுக்கம் ஏற ஏறக் காற்று நசுங்கி நீரில் கரைவதால் கோடு முதலில் சாய்ந்து பிறகு கிடையாக வளையும். அந்த வளைவே ஒரு நல்ல தடயம்.

உங்கள் கையில் இருக்கும் எண்களைக் கொண்டே இதைச் சரிபார்க்கலாம். ஒருவரின் மாதிரி 38க்கு 76 மில்லிமீற்றர், கனவளவு 86.2 கன சென்றிமீற்றர். ஈரத்தோடு 143.7 கிராம், உலர்த்தியபின் 102.7 கிராம். போன தண்ணீர் 41.0 கிராம். துணிக்கைகளின் ஒப்படர்த்தி 2.68 என்றால் அவற்றின் கனவளவு 38.3, மிச்சமான 47.9 கன சென்றிமீற்றர் துளை. அதில் தண்ணீர் 41.0 மட்டும். நிரம்பிய அளவு 86 சதவீதம்! அந்த மண் நீர் நிரம்பியதே அல்ல. அதில் φ_u பூச்சியம் வராதது சரியான விளைவு. வைகாசி வெயிலில் மேல்மண்ணில் எடுத்த மாதிரிகளில் இப்படி வருவது சாதாரணம்.

மாதிரி நிரம்பித்தான் இருக்கிறது என்றால், மேலும் கீழும் காய்ந்த நுண்துளைக் கற்களை வைத்தீர்களா என்று பாருங்கள். அவை தண்ணீரை உறிஞ்சும், பெரிய செல் அமுக்கத்தில் இன்னும் அதிகமாக உறிஞ்சும், கோடு சாயும். யூயூவில் துளையில்லாத மூடிகளைத்தான் வைக்க வேண்டும். முறித்த பிறகு மூன்று மாதிரிகளின் ஈரப்பதனையும் தனித்தனியே எடுங்கள். செல் அமுக்கம் கூடக் கூட ஈரப்பதன் குறைந்திருந்தால் எங்கோ வடிந்திருக்கிறது. எனக்கே ஒருமுறை இதற்கு நேர்மாறாக வந்தது. அமுக்கம் கூடக் கூட வலிமை குறைந்தது. ரப்பர் உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. செல்லின் தண்ணீர் உள்ளே போய் மண்ணை இளக்கியிருந்தது. ஈரப்பதன் எடுத்திராவிட்டால் அதை நான் மண்ணின் குணம் என்று நினைத்திருப்பேன்.

மூன்று மாதிரிகளும் வெவ்வேறு ஆழத்தில் எடுத்தவையாக இருந்தால் கோட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். c_u வேறுபடும் மூன்று மண்ணுக்கு ஒரு கோடு வரைந்திருக்கிறீர்கள், அதன் சாய்வுக்குப் பொருளில்லை.

"மணலுக்கும் இப்பிடி வருமா?"

தண்ணீரை உண்மையாகவே அடைத்துவைத்தால் வரும், துளைநீர் அமுக்கம் மிகவும் இறங்கி ஆவிக்குமிழ்கள் உண்டாகாதவரை. ஆனால் மணற்காட்டு மணலில் தண்ணீர் நொடிகளில் ஓடிவிடும். மேடு கட்டும் வேகத்தில் அதை அடைத்துவைக்க முடியாது, ஆகவே அன்றாடக் கணக்கில் மணலுக்கு φ' தான். நிலநடுக்கம் போன்ற அதிவேக அசைவில் மட்டும் மணலும் வடியாத நிலைக்குப் போகும்.

"வீதி மேட்டுக்கும் φ = 0, வாய்க்கால் வெட்டுக்கும் φ = 0 எண்டு கணக்குப் பாக்கலாமா? இரண்டும் ஒண்டுதானே?"

கட்டிமுடிக்கும் நாளுக்கு இரண்டிலும் பார்க்கலாம். அதற்குப் பிறகு இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். இதைப் பிழைத்தால் ஆட்கள் சாவார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

மேடு போடும்போது மண்மேல் சுமை ஏறுகிறது, u கூடுகிறது. காலம் போகப் போகத் தண்ணீர் வடியும், பயன்படு தகைப்பு ஏறும், மண் வலுக்கும். மிக ஆபத்தான நாள் கட்டிமுடிக்கும் நாள்தான், அதற்கு φ = 0 கணக்குச் சரியாகப் பொருந்தும். நிலத்தில் c_u 12 என்றால் தாங்கும் எல்லை 5.14 × 12, கிட்டத்தட்ட 62 கிலோபாஸ்கல். நிரப்பு மண் கன மீற்றருக்கு 19 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 3.2 மீற்றரில் நிலம் பிதுங்கிவிடும். 2 மீற்றர் உயர்த்தினால் 38 கிலோபாஸ்கல், பாதுகாப்புக் காரணி 1.6. இதற்குமேல் வேண்டுமென்றால் கட்டத்துக்குக் கட்டம் இடைவெளி விட்டு, இறுக விட்டு உயர்த்த வேண்டும்.

வெட்டும்போது சுமை இறங்குகிறது, u குறைகிறது, பல இடங்களில் உறிஞ்சல் நிலைக்கே போய்விடும். அந்த உறிஞ்சல் துணிக்கைகளைப் பிடித்துவைத்திருப்பதால் சுவர் முதலில் நேராக நிற்கும். அதே c_u 12க்கு, மண் கன மீற்றருக்கு 16 கிலோநியூட்டன் என்றால், 4 × 12 / 16 என்று 3 மீற்றர் நிற்கும் எனக் கணக்கு வரும். மேலே வெடிப்பு விழுந்தால் அதுவே 2 மீற்றராகும். பிறகு தண்ணீர் மெல்ல உள்ளே ஊறும், மண் ஊதும், இளகும். இங்கே மிக ஆபத்தான நாள் பின்னால் வருகிறது, அதற்கு φ' வைத்துப் பயன்படு தகைப்பில் கணக்குப் பார்க்க வேண்டும். "நேற்று நின்றதுதானே" என்று அகழியில் இறங்குவது இதனால்தான் கூடாது. ஒரு இரவு மழை போதும்.

"φ பூச்சியம் எண்டால் 45 பாகையில உடையவேணும். என்ர மாதிரியில கோடு 58 பாகையில விழுந்துது. எது பொய்?"

இரண்டும் பொய்யில்லை. மென்மையான மாதிரி பல வேளை கோடே விழாமல் பீப்பாய் போலப் புடைத்துவிடும். உங்களுக்குக் கோடு தெரிந்தது நல்ல வாய்ப்பு. முறியும் தளத்தைத் தேர்ந்தெடுப்பது துணிக்கைகள், அவை மொத்தத் தகைப்பை அறியாதவை. கிடையிலிருந்து 45 + φ'/2, அதாவது 45 + 13 = 58.

மேலே அட்டவணையில் உள்ள வட்டத்தை எடுத்துச் சரிபார்ப்போம். 45 பாகைத் தளத்தில்தான் வெட்டுத் தகைப்பு மிக அதிகம், 30. ஆனால் அங்கே பயன்படு செங்குத்துத் தகைப்பு 68. 26 பாகை உராய்வு 33க்கு மேல் தாங்கும். 30 தான் கேட்கப்படுகிறது, ஆகவே அந்தத் தளம் முறியாது. 58 பாகைத் தளத்தில் வெட்டுத் தகைப்பு 27க்கு இறங்குகிறது, ஆனால் செங்குத்துத் தகைப்பும் 55க்கு இறங்கிவிடுகிறது. 55இன் மேல் உராய்வு தாங்குவது சரியாக 27. அங்கேதான் முறிகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவும் வரும். φ = 0 முறைக்கு 1948இல் கோட்பாட்டு அடித்தளம் போட்டபோதே ஸ்கெம்ப்டன் இதைச் சொல்லியிருக்கிறார்: நீர் நிரம்பிய களிமண்ணில் இந்த முறை பாதுகாப்புக் காரணியைச் சரியாகத் தரும், வழுக்கும் மேற்பரப்பு எங்கே இருக்கும் என்பதைச் சரியாகத் தராது. சரிந்த ஒரு கரையை வெட்டிப் பார்க்கும்போது வழுக்கிய வளைவு உங்கள் கணக்கில் வந்த வட்டத்தோடு பொருந்தாவிட்டால், c_u ஐத் திருத்த ஓடாதீர்கள். பெரும்பாலும் வளைவு கணக்கில் வந்ததைவிட ஆழம் குறைவாக இருக்கும்.